குர்தா ஒரு படத்தில், ஆள் இன்னொரு படத்தில்

கடையில் விரித்துவைத்து எடுத்த குர்தாவின் படம் ஒன்று. டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டு நிற்கும் பெண்ணின் படம் இன்னொன்று. இரண்டையும் கணினியிடம் கொடுத்து, அந்தக் குர்தாவை இந்தப் பெண்ணுக்கு அணிவித்துக் காட்டச் சொன்னால், ஒரு நிமிடம் போவதற்குள் படம் வந்துவிடுகிறது. முதல் பார்வைக்கு அசல் போலவே இருக்கும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் கதை மாறும். நாலு பட்டன் இருந்த இடத்தில் மூன்றுதான் இருக்கும். முழங்கால் வரை வரவேண்டிய குர்தா இடுப்போடு நின்றுபோயிருக்கும், அல்லது இரண்டு பக்கமும் இருந்த சைடு ஓப்பன் மூடிப்போய் கவுன் ஆகியிருக்கும். அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்த சங்கிலியையும் காணோம்.

கணினி ஏதோ மனம் போனபடி செய்த கோளாறுகள் அல்ல இவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அது தெரிந்தால் பாதியை முன்கூட்டியே தடுத்துவிடலாம், மீதியைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். ஆன்லைனில் குர்தா விற்பவர்கள், தைக்கக் கொடுக்கும் முன் தனக்கு எடுக்குமா என்று பார்க்க நினைப்பவர்கள், ஊரில் இருக்கும் தங்கைக்குத் துணி எடுப்பவர்கள் என்று இதைப் பயன்படுத்துகிறவர்கள் பலவகை. துறையில் இதற்கு வெர்ச்சுவல் ட்ரை-ஆன் என்று பெயர். பேன்ட், ஷர்ட்டைவிடக் குர்தா இந்தக் கருவிகளுக்கு ஏன் தண்ணி காட்டுகிறது என்பதை, ஒரே ஒரு குர்தாவை வைத்துப் பார்ப்போம்.

துணி இடம் மாறுவதில்லை

குர்தாவைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, ஆள்மேல் ஒட்டுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆரம்ப காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. 2017 கடைசியில் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விட்டான் என்ற முறையை வெளியிட்டார்கள். உடையின் படத்தில் சில புள்ளிகளை வைத்து, அந்தப் புள்ளிகளை ஆளின் தோள், இடுப்பு வாட்டத்துக்கு ஏற்ப நகர்த்தி, நடுவில் இருக்கும் துணியைக் கணக்குப் போட்டு வளைப்பது அதன் முக்கியமான படி. நேராக நிற்கும் ஆளுக்கு இது ஓரளவு ஒத்துவந்தது. கையைக் கட்டிக்கொண்டோ, உடம்பைத் திருப்பிக்கொண்டோ நின்றால் வளைத்த துணி கிழிந்ததுபோல் தெரியும். மடிப்பும் நிழலும் பழைய படத்தில் இருந்தபடியே கூடவே வந்து நிற்கும்.

இன்று பரவலாக இருப்பது டிஃப்யூஷன் முறை. 2023ல் கூகுளும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ட்ரைஆன்டிஃப்யூஷன் ஆய்வில், துணியை வளைப்பதற்கென்று தனிப் படி கிடையாது. 2024ல் தென்கொரியாவிலிருந்து வந்த ஐடிஎம்-விட்டான், சீனாவிலிருந்து வந்த கேட்விட்டான் ஆகியவையும் இந்த வழியில் வந்தவையே. ஆளின் படத்தில் பழைய உடை இருக்கும் பகுதியை முதலில் அழித்துவிடுகிறார்கள். அழித்த பகுதிக்கு மாஸ்க் என்று பெயர். அந்த இடத்தில் வெறும் புள்ளிக் குழப்பத்தை நிரப்பி, அதைப் படிப்படியாகத் தெளியவைக்கிறது கணினி. ஒவ்வொரு படியிலும் குர்தாவின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்கிறது. இந்த இடம் தோள், குர்தாவில் தோள் எப்படி இருக்கிறது? இது கை முடியும் இடம், குர்தாவில் கைக் கரை என்ன நிறம்? இப்படி ஒப்பிட்டு ஒப்பிட்டு நிரப்புகிறது. கேட்விட்டான் முறையில் ஆளின் படத்தையும் குர்தாவின் படத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒரே படமாகவே கொடுத்துவிடுவார்கள். ஒப்பிடும் வேலை அந்த ஒரே படத்துக்குள் நடந்துவிடும்.

அந்தக் காலத்து கட்அவுட் ஓவியர் கையில் ஒரு சின்ன புகைப்படத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் புதிதாக வரைந்தாரே, அந்த வேலைதான் இது. படத்தில் தெரிவதைப் பார்த்து வரைவார். தெரியாததைத் தன் அனுபவத்தில் இருந்து வரைவார். வந்து விழும் குர்தாவில் ஒரு நூல்கூட அசல் படத்திலிருந்து எடுத்து வைத்தது இல்லை. முழுக்கப் புதிதாக வரைந்தது. பட்டன் எண்ணிக்கை மாறுவதன் மூலகாரணம் இதுதான்.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஓர் உடை

அப்படியானால் கணினியின் அனுபவம் எது? இந்த முறைகளைப் பழக்குவதற்குப் படச் சோடிகள் தேவை. ஓர் உடையின் தனிப்படம், அதே உடையை ஒருவர் போட்டு நிற்கும் படம். போட்டிருப்பவர் படத்தில் உடையை அழித்துவிட்டு, தனிப்படத்தைக் கொடுத்து, நிரப்பு என்பார்கள். நிரப்பியதை அசலோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். லட்சக்கணக்கான முறை இதையே செய்யும்போது உடைக்கும் உடலுக்கும் உள்ள உறவு அதற்குப் பிடிபடுகிறது.

ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் தொகுப்பு விட்டான்-ஹெச்டி. அதில் இருப்பவை 13,679 சோடிகள். எல்லாமே பெண்கள் முன்பக்கம் பார்த்து நிற்கும் படங்கள். உடைகள் எல்லாம் இடுப்பளவு மேலுடைகள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2022ல் வெளியிட்ட டிரெஸ்கோட் தொகுப்பில் 53,000க்கு மேற்பட்ட உடைகள் உண்டு. அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: மேலுடை, கீழுடை, முழு உடை. முழு உடை என்றால் தோளிலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக வரும் கவுன் வகை.

இந்த மூன்றில் குர்தாவை எதில் வைப்பது? பேன்ட்டின் மேல் போடுவதால் மேலுடை. முழங்கால் வரை இறங்குவதால் நீளத்தில் முழு உடை. ஆனால் கவுனில் இல்லாத சைடு ஓப்பன் இதில் இருக்கிறது. அந்தத் திறப்பு வழியாக உள்ளே இருக்கும் லெக்கிங்ஸோ பைஜாமாவோ தெரிய வேண்டும். இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதிதான் பொருந்துகிறது. மேலே சொன்ன பெரிய பிழைகள் இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மேலுடை என்று சொன்னால் குர்தா இடுப்போடு நிற்கும். முழு உடை என்று சொன்னால் கவுனாகும்.

கருவியைத் திறந்தால் இந்தப் பெட்டிகள் திரையிலேயே இருக்கும். கேட்விட்டானில் `upper`, `lower`, `overall` என்று மூன்று பொத்தான்கள். எதை அழுத்துகிறோமோ அதற்கேற்ப மாஸ்க் தானாக வரையப்படும். அதாவது எந்த இடத்தில் வரையலாம் என்ற அனுமதி அந்த ஒரே அழுத்தலில் முடிவாகிவிடுகிறது. அனுமதி இல்லாத இடத்தில் கணினியால் ஒரு நூல்கூட வரைய முடியாது.

நீலக் குர்தாவும் ஜீன்ஸ் பெண்ணும்

இப்போது ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் செய்து பார்ப்போம். குர்தா அடர்நீலப் பருத்தி. ஸ்டேண்ட் காலர், அதன் கீழே பட்டன் பட்டி, அதில் நாலு மரப் பட்டன்கள். முக்கால் கை. உடல் முழுக்கச் சின்ன வெள்ளைப் பூக்கள், அச்சுக்கட்டையால் போட்டவை. கீழ் விளிம்பில் அகலமான வெள்ளைக் கரை. நீளம் 42 அங்குலம், அதாவது 107 சென்டிமீட்டர். இடுப்புக்குக் கீழிருந்து இரண்டு பக்கமும் சைடு ஓப்பன். அணியப்போகும் பெண் வட்டக் கழுத்து டி-ஷர்ட்டும் இறுக்கமான நீல ஜீன்ஸும் போட்டிருக்கிறார். பின்னலை முன்னால் போட்டிருக்கிறார். கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் வளையல்.

முதலில் குர்தாவின் படம். பெரும்பாலானவர்கள் தரையில் வெள்ளை விரிப்பின் மேல் பரப்பி, மேலிருந்து எடுப்பார்கள். இஸ்திரி போட்டுப் பரப்புவது முக்கியம். பெட்டியில் மடித்துவைத்த கோடு அப்படியே இருந்தால் அதையும் டிசைன் என்று நினைத்துக் கணினி வரைந்துவிடும். கைகளை உடலோடு ஒட்டாமல் விலக்கி வைக்க வேண்டும். ஒட்டியிருந்தால் கை எங்கே முடிந்து உடல் எங்கே தொடங்குகிறது என்பது குழம்பும். கேமரா நேர் மேலே இருக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் கீழ்க்கரை அகலமாகவும் தோள் குறுகியும் தெரியும், அந்த வாட்டமே உடம்பிலும் வந்து உட்காரும்.

பரப்பி எடுத்த படத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று கழுத்து. விரித்த குர்தாவில் முன் காலருக்கு மேலாகப் பின்கழுத்தின் உள்பக்கமும், அங்கே தைத்திருக்கும் லேபிளும் தெரியும். உடுத்தியபின் அந்த இடத்தில் கழுத்துச் சதை இருக்க வேண்டும். கணினிக்கு இது எப்போதும் விளங்குவதில்லை. தொண்டைக்குழியில் ஒரு துணித்துண்டையும் மங்கலான லேபிளையும் வரைந்து வைத்துவிடும். படம் எடுத்தபின் அந்தப் பகுதியை வெள்ளையாக அழித்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொன்று சைடு ஓப்பன். விரித்துப் பரப்பும்போது முன்துண்டும் பின்துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடும். விளிம்புகள் ஒட்டிக்கொள்ளும். திறப்பு இருப்பதற்கான ஒரு தடயமும் படத்தில் இருக்காது. பார்க்காததை வரையச் சொன்னால் கணினி தனக்குப் பழக்கமான மூடிய கவுனைத்தான் வரையும். அதனால் சைடு ஓப்பன் உள்ள குர்தாவைப் பொம்மையில் மாட்டி எடுப்பது நல்லது. பொம்மைக்கும் வேறு நிறத்தில் ஒரு லெக்கிங்ஸ் போட்டுவிட்டால் திறப்பு பளிச்சென்று தெரியும். பொம்மை இல்லை என்றால், பரப்பும்போது திறப்பின் இரண்டு விளிம்புகளையும் லேசாக விலக்கி வைத்து, நடுவில் விரிப்பின் வெள்ளை தெரியும்படி எடுக்கலாம்.

அடுத்தது பெண்ணின் படம். குர்தா முழங்கால் வரை வருவதால் தலையிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரையாவது படத்தில் இருக்க வேண்டும். பின்னலைப் பின்னால் தள்ளிவிடுவது நல்லது. முடியைக் கருவிகள் அழிப்பதில்லை, அப்படியே வைத்துக்கொள்ளும். பின்னல் முன்னால் கிடந்தால் அதன் ஓரத்தில் பழைய டி-ஷர்ட்டின் நிறம் ஒரு விளிம்பாக மிஞ்சும்; முடி இழைகளுக்கு நடுவே புதுத்துணி சரியாக நுழையாது. கைகளை உடலிலிருந்து கொஞ்சம் விலக்கி வைக்கச் சொல்லலாம்.

கைகளை மட்டும் ஏன் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், மாஸ்க் போடும்போது கைகளும் அழிக்கப்படுகின்றன. டி-ஷர்ட்டின் அரைக்கை இருந்த இடத்தில் முக்கால் கை வரவேண்டும் அல்லவா? அதற்கு இடம் விட வேண்டும் என்பதால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை திறந்துவிடுகிறார்கள். முகம், முடி, விரல்கள் மட்டும் தப்பிக்கும். கழுத்தும் பெரும்பாலும் திறப்புக்குள் போய்விடும், காலர் வர வேண்டுமே. சங்கிலி மறைவதற்குக் காரணம் இதுதான். தாலிச் சங்கிலியும் இப்படித்தான் போகும், அல்லது வேறு ஏதோ ஒரு நகையாகத் திரும்பி வரும். முழங்கைக்கு அருகே இருந்த மச்சமும் பச்சையும் திரும்பி வராது. அங்கே இருப்பது புதிதாக வரைந்த கை. வளையல் எந்தப் பக்கம் விழும் என்பது மாஸ்க் எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தது.

மாஸ்க்கைக் கையால் வரைவது

நம் நீலக் குர்தாவுக்கு `upper` அழுத்தினால் மாஸ்க் இடுப்பில் முடியும். வெள்ளைக் கரை கொண்ட ஒரு குட்டை டாப்ஸ் கிடைக்கும், கீழே ஜீன்ஸ் தொடாமல் இருக்கும். `overall` அழுத்தினால் ஜீன்ஸ் முழுவதும் அழிந்துவிடும். குர்தா முழங்கால் வரை சரியாக வரும், ஆனால் அதன் கீழே என்ன இருந்தது என்பது கணினிக்குத் தெரியாது. வெறும் காலை வரைந்துவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கவுன் போட்டவர்களின் படங்களில் அது பார்த்தது அதைத்தான்.

இரண்டும் வேண்டாம் என்றால் மாஸ்க்கைக் கையால் வரைய வேண்டும். பெரும்பாலான கருவிகள் இதற்கு ஒரு தூரிகையைக் கொடுக்கின்றன. கழுத்திலிருந்து முழங்கால் வரை தீட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஜீன்ஸை விட்டுவைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சைடு ஓப்பனுக்குள்ளும் ஜீன்ஸ்தான் இருக்க வேண்டும் என்று கணினி ஊகிக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு காரியம், உடம்பின் விளிம்போடு மாஸ்க்கை நிறுத்துவது. ஜீன்ஸ் தொடையோடு ஒட்டிய உடை. அந்த விளிம்பிலேயே மாஸ்க் முடிந்தால் குர்தாவும் தொடையோடு ஒட்டித்தான் வரும், இரண்டு கால்களுக்கு நடுவில் பிளந்தும் போகலாம். குர்தாவுக்குக் கீழே விரிவு உண்டு. ஆகவே இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பின்னணிச் சுவருக்குள் போகும் அளவுக்கு அகலமாகத் தீட்ட வேண்டும், கால்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்து. மிச்சமாகத் திறந்த சுவரைக் கணினி தானே நிரப்பிக்கொள்ளும். வெற்றுச் சுவர் என்றால் சிரமமில்லை, கோலமோ ஜன்னல் கம்பியோ இருந்தால் கோடுகள் வளையும்.

உடல்வாகும் இதில் சம்பந்தப்பட்டது. மாஸ்க்குக்குள் இருந்த பழைய உடலின் வடிவம் அழிந்துவிட்டது. கருவி கூடுதலாகப் பார்த்துக்கொள்ளும் எலும்புக்கோட்டு வரைபடம், உடல் மேற்பரப்பு வரைபடம் போன்றவை நிற்கும் நிலையைச் சொல்லும். வயிறும் இடுப்பும் எவ்வளவு என்பதை ஓரளவுதான் சொல்லும். பழக்கிய படங்களில் பெரும்பாலும் மெலிந்த மாடல்கள் இருந்ததால், வரும் படத்தில் ஆள் கொஞ்சம் இளைத்துத் தெரிவது அடிக்கடி நடக்கும். இடுப்பு அகலத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓட்டும்போது ஒரே ஒரு படத்தோடு நிறுத்தக் கூடாது. தொடக்கப் புள்ளிக் குழப்பம் வேறானால் முடிவும் வேறாகும். கருவியில் அதற்கு `seed` என்று ஓர் எண் இருக்கும். எண்ணை மாற்றி நாலைந்து படம் எடுத்தால், ஒன்றில் காலர் சரியாக இருக்கும், இன்னொன்றில் சைடு ஓப்பன் நன்றாக விழுந்திருக்கும். எது எல்லாவற்றிலும் ஒரேமாதிரித் தவறாக வருகிறதோ, அதற்குக் காரணம் குர்தாவின் படத்திலோ மாஸ்க்கிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் தவறு என்றால் அது அந்த ஓட்டத்தின் தற்செயல். பிழையைத் தேட வேண்டிய இடம் இந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பட்டனுக்கு எத்தனை புள்ளி?

இவ்வளவும் சரியாகச் செய்தபிறகும் வெள்ளைப் பூக்கள் குழைந்து, பட்டன் எண்ணிக்கை மாறுகிறதே, அது ஏன்? இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும்.

இந்தக் கருவிகளில் பல 768க்கு 1024 புள்ளி அளவில் வேலை செய்கின்றன. அதையும் நேரடியாக அந்த அளவில் செய்வதில்லை. வேகத்துக்காகப் படத்தை ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, 96க்கு 128 கட்டங்கள் கொண்ட ஒரு சுருக்க வடிவில் வரைந்துவிட்டு, கடைசியில் விரித்து எடுக்கின்றன. ஆக ஒரு கட்டம் என்பது படத்தில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள்.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் தலைமுதல் கால்வரை அந்த 1024 புள்ளிகளுக்குள் அடங்க, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் 960 புள்ளி மிஞ்சும். ஒரு சென்டிமீட்டருக்கு 6 புள்ளி. குர்தாவின் மரப் பட்டன் 1.2 சென்டிமீட்டர் அகலம் என்றால் அது 7 புள்ளி, ஒரு கட்டத்துக்கும் குறைவு. ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாத பொருளைக் கணினி எண்ணி வைப்பதில்லை. பட்டன் பட்டியில் ஏதோ உருண்டையாக அங்கங்கே இருக்கிறது என்ற அளவில்தான் அது நினைவில் நிற்கும். அரை சென்டிமீட்டர் அச்சுப் பூவோ வெறும் 3 புள்ளி. லக்னோ சிக்கன் வேலையில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் போடும் தையல் இன்னும் மோசம். அளவும் சிறியது, நிற வித்தியாசமும் கிடையாது. அது பெரும்பாலும் லேஸ் துணியாகவோ மங்கலான புடைப்பாகவோ மாறிப்போகும். மாறாக, அகலமான கரை, பெரிய மாங்காய், கைப்பிடி அகலக் கோடு இவையெல்லாம் நன்றாகவே வரும்.

இதற்கு வழி படத்தை நெருக்கமாக வெட்டுவது. அதே பெண்ணைத் தலையிலிருந்து இடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை, ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் மட்டும் வெட்டிக் கொடுத்தால், சென்டிமீட்டருக்கு 11 புள்ளிக்கு மேல் கிடைக்கும். பட்டன் 13 புள்ளியாகிவிடும், ஒரு கட்டத்தைத் தாண்டிவிடும். அப்போது குர்தாவின் படத்தையும் மேல்பாதி மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். ஆகவே நீளத்தையும் சைடு ஓப்பனையும் காட்ட ஒரு முழுப்படம், கழுத்து வேலையைக் காட்ட ஒரு மேல்பாதிப் படம் என்று இரண்டு எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே படத்தில் இரண்டையும் கேட்டால் ஒன்று போய்விடும்.

மங்கலாக வந்த படத்தைப் பெரிதாக்கும் கருவியில் போட்டால் கூர்மை வரும் என்று சிலர் செய்வதுண்டு. கூர்மை வரும், உண்மை வராது. அந்தக் கருவியும் ஊகித்துத்தான் நூலைப் போடுகிறது. உங்கள் குர்தாவில் இல்லாத ஒரு எம்பிராய்டரி பளிச்சென்று வந்து நிற்கும்.

எழுதிக் கேட்கும் கருவிகள்

உடைக்கென்றே செய்த இந்தக் கருவிகளைத் தவிர, எழுத்தில் கட்டளை வாங்கிக்கொண்டு படத்தைத் திருத்தும் பொதுவான கருவிகளும் வந்துவிட்டன. கூகுளின் ஜெமினியில் இருக்கும் பட வசதி ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு படங்களையும் ஏற்றி, என்ன வேண்டும் என்று எழுதினால் போதும். மாஸ்க் வரைய வேண்டாம். குர்தாவுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. படத்தில் தெரியாததைச் சொல்லால் சொல்லிவிடலாம். ‘முதல் படத்தில் இருப்பவர் இரண்டாம் படத்தில் உள்ள குர்தாவை அணிந்திருக்க வேண்டும். நீளம் முழங்கால் வரை. இடுப்புக்குக் கீழிருந்து இரண்டு பக்கமும் திறப்பு. திறப்பில் இப்போது போட்டிருக்கும் ஜீன்ஸ் தெரிய வேண்டும். ஸ்டேண்ட் காலர், நாலு மரப் பட்டன், முக்கால் கை. முகம், முடி, சங்கிலி, நிற்கும் நிலை, பின்னணி எதையும் மாற்றாதே’ என்று உடையையும் மாறக்கூடாதவற்றையும் தனித்தனியாகச் சொன்னால் பலன் நன்றாக இருக்கும். ‘அழகாக அணிவித்துக் காட்டு’ என்பது போன்ற கட்டளையால் நட்டமே அதிகம்; அழகு என்பதற்காக முகத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்து மாற்றிவிடும்.

வசதிக்கு விலையும் உண்டு. மாஸ்க் முறையில் திறக்காத பகுதிக்கு அசல் படத்தையே திரும்ப வைத்துவிடலாம் என்பதால் முகத்தைக் காப்பாற்றிவிட முடியும். எழுதிக் கேட்கும் கருவி பெரும்பாலும் படம் முழுவதையும் புதிதாக வரைகிறது. முகமும் அதில் அடக்கம். கண் கொஞ்சம் பெரிதாகும், தோல் வழவழப்பாகும், நிறம் ஒரு படி வெளுக்கும். தெரியாதவர் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். வீட்டார் பார்த்தால் ‘யார் இது, இவள் மாதிரி இருக்கிறாளே’ என்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, பழைய படத்தையும் புதிய படத்தையும் கைபேசியில் அடுத்தடுத்து வைத்து, வேகமாக மாற்றி மாற்றிப் பார்ப்பது. மாறாத இடம் அசையாமல் நிற்கும். மாறிய இடம் துள்ளும்.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

படம் கையில் வந்ததும் முகத்தைப் பார்த்து மயங்காமல், குர்தாவை மேலிருந்து கீழே வரிசையாகப் பார்க்க வேண்டும். காலர் வடிவம், பட்டன் எண்ணிக்கை, பட்டன் பட்டி எந்தப் பக்கம் மேலே மடிகிறது, கை எங்கே முடிகிறது, இரண்டு கைக் கரையும் ஒன்றுபோல் இருக்கின்றனவா, சைடு ஓப்பன், கடைசியாகக் கீழ்க்கரை நேராக ஓடுகிறதா என்பது. அதன்பிறகு விரல்களும் நகைகளும். நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். மஞ்சள் பல்பின் கீழே எடுத்த குர்தாவையும் வெயிலில் நிற்கும் பெண்ணையும் சேர்த்தால் நீலம் ஒரு பக்கம் கருக்கும், அல்லது ஊதாவுக்குப் போகும். இரண்டு படத்தையும் நிழலான பகல் வெளிச்சத்தில் எடுத்தால் இந்தச் சிக்கல் பாதியாகும்.

விற்பனைக்குப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு விஷயம். விட்டான்-ஹெச்டி தொகுப்பும், ஐடிஎம்-விட்டான், கேட்விட்டான் கருவிகளும் வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற உரிமத்தோடுதான் வெளியிடப்பட்டிருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கடை கேட்டலாக்குக்குப் போட முடியாது. அதற்கென்று உரிமம் தரும் சேவையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, படத்தில் நிற்பவரின் சம்மதம். தன் படத்தில் வேறு உடை வரையப்படும், அது பொதுவில் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் தனக்குப் பார்ப்பதற்காக அனுப்பிய படத்தை விளம்பரத்தில் போடுவது அந்தச் சம்மதத்துக்குள் வராது. இன்னொரு கடையின் பக்கத்திலிருந்து எடுத்த குர்தாப் படமும் அப்படியே. அதை எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு.

எல்லாம் சரியாக வந்தாலும் இந்தப் படத்தால் பதில் சொல்லவே முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது: அளவு சரியாக இருக்குமா? கருவியிடம் கொடுத்தது இரண்டு படங்கள். குர்தாவின் மார்புச் சுற்றளவு 36 அங்குலமா 42 அங்குலமா என்பது படத்தில் இல்லை. பெண்ணின் அளவும் இல்லை. இரண்டு அளவுக் குர்தாவையும் ஒரேமாதிரிப் பரப்பி எடுத்துக் கொடுத்தால், இரண்டும் ஒரேமாதிரிக் கச்சிதமாகத்தான் வரும். தோள் இறங்குமா, கை தூக்கினால் அக்குளில் பிடிக்குமா, துணி தொங்குமா விறைத்து நிற்குமா என்பதும் தெரியாது. கணினி வரைவது அந்த உடலுக்கு ஒத்துப்போகிற ஒரு குர்தாவை. கடையில் தொங்கும் அந்தக் குறிப்பிட்ட அளவை அல்ல.

அதனால் விற்பவர் செய்ய வேண்டியது தெளிவானது. இந்தப் படத்தைப் போடும்போது கணினியில் வரைந்தது என்று அடியில் எழுத வேண்டும். பக்கத்திலேயே கழுத்து வேலையின் அசல் நெருக்கப் படம் ஒன்றையும், மார்பு, தோள், நீளம், கை ஆகிய நாலு அளவுகளையும் அங்குலத்தில் போட வேண்டும். வாங்குபவர் படத்தைப் பார்த்து, இந்த நிறமும் காலரும் நீளமும் தனக்கு எடுக்குமா என்று முடிவு செய்துகொள்ளலாம்; அதற்கு இது போதும். சைஸை முடிவு செய்யும்போது மட்டும், வீட்டில் தனக்குப் பொருந்துகிற ஒரு பழைய குர்தாவை எடுத்து, இஞ்சி டேப்பால் அளந்து, அந்த நாலு எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.